நன்கொடையாளருக்கு ஒரு மெயில்

சின்ன அறக்கட்டளைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் மெயில்களில் நிறைய எனக்குப் படிக்கக் கிடைக்கும். சிலவற்றை நானே எழுதிக் கொடுத்ததும் உண்டு. பெரும்பாலும் ஒரே அச்சு. முதல் பத்தியில் வணக்கமும் நன்றியும், நடுவில் பன்னிரண்டு புகைப்படங்கள், முடிவில் "தங்கள் மேலான ஆதரவைத் தொடர்ந்து நல்குமாறு" என்று ஒரு கும்பிடு. பணம் கொடுத்தவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது கணக்கு புரிவதற்காக நான் கட்டிக்கொண்டது. ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் 60 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. ஜூலையில் தொடக்கம். இரண்டு ஆசிரியைகள், ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய். பிள்ளைகளுக்குத் தினமும் சுண்டல். ஒருவர் 2,00,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். இப்போது பிப்ரவரி. அவருக்கு மெயில் எழுத வேண்டும்.

எல்லோர் கையிலும் முதலில் வருவது, "130 நாள் வகுப்பு நடத்தினோம், 60 பைகள் கொடுத்தோம்" என்பதுதான். பொய் இல்லை. ஆனால் அது நாம் செய்தது. பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பது வேறு கணக்கு. அதற்கு ஜூலையிலேயே ஓர் அளவு எடுத்து வைத்திருக்க வேண்டும். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'ஏசர்' கணக்கெடுப்பின் வாசிப்புத் தாள் இதற்குக் கைகொடுக்கும். அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று நான்கு படிகள். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறாள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஜூலையில் 60 பேரைச் சோதித்ததில் கதை படித்தவர்கள் 9 பேர், அதாவது நூற்றுக்கு 15. ஜனவரிக் கடைசியில் 52 பேர்தான் இருந்தார்கள், அவர்களில் 27 பேர் படித்தார்கள், அதாவது நூற்றுக்கு 52. "15 சதவீதத்திலிருந்து 52 சதவீதம்!" என்று எழுதக் கை பரபரக்கும். இங்கேதான் சறுக்கல். போன 8 பேர் யார்? பதிவேட்டைப் புரட்டினால், அவர்களில் 6 பேர் பொங்கல் முடிந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போனவர்கள். எட்டுப் பேருமே ஜூலையில் கதை படிக்க முடியாமல் இருந்தவர்கள். படிக்கத் திணறியவர்கள் வகுப்பை விட்டுப் போனாலே சதவீதம் தானாக ஏறிவிடும், யாரும் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே 52 பேரை இரண்டு முறையும் எண்ண வேண்டும். அவர்களில் ஜூலையில் 9, ஜனவரியில் 27. போன எட்டுப் பேரைத் தனி வரியில் சொல்லிவிட வேண்டும்.

அந்த 18 பேரும் மாலை வகுப்பால்தான் தேறினார்கள் என்றும் சொல்ல முடியாது. பகலில் பள்ளி இருக்கிறது, அங்கே அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இருக்கிறது. பக்கத்து ஊரில் வகுப்புக்கு வராத பிள்ளைகளையும் சோதித்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சின்ன அமைப்புக்கு அது கட்டுப்படியாகாது. "பள்ளியோடு சேர்த்து" என்று ஒரு சொல் போட்டால் போதும். விவரம் தெரிந்த நன்கொடையாளர் அந்தச் சொல்லைக் கவனிப்பார்.

எண்ணே வேண்டாம், கதை போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் சாட்சி டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. கையில் 5 டாலர் கொடுக்கப்பட்டவர்கள், மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி மட்டும் படித்தபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். அவளோடு பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது அது 1.43 டாலராகக் குறைந்தது. ஆனால் அது முன்பின் தெரியாதவரிடம் முதல்முறை கை நீட்டும் நேரம். நம்முடையவர் ஏற்கெனவே 2,00,000 கொடுத்துவிட்டுக் கணக்குக்குக் காத்திருக்கிறார். அவரிடம் கதையை மட்டும் நீட்டினால், எதையோ மறைக்கிறோம் என்றுதான் தோன்றும்.

கதை ஒன்று போதும். அது வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளையின் கதையாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. 27 பேரில் ஒருத்தியை விட்டுவிட்டு, மிச்சமுள்ள 25 பேரில் ஒருவனை எடுங்கள். பெயர், முகம், ஊர் மூன்றும் ஒன்றாக வர வேண்டாம். மெயில் ஒருவருக்குத்தான் போகிறது, அங்கிருந்து எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. வீட்டில் கேட்டு, சரி என்ற பிறகே எழுத வேண்டும்.

இனி மெயிலையே எழுதிப் பார்ப்போம். தலைப்பில் 'அரையாண்டு அறிக்கை' வேண்டாம். 'மாலை வகுப்பு: 9 பேர் 27 ஆனார்கள், ஏப்ரலுக்கு ஒரு வேண்டுகோள்' என்றிருக்கட்டும்.

"வணக்கம் ஐயா. ஜூலையிலும் ஜனவரியிலும் இருந்த 52 பிள்ளைகளில், கதை படிக்கத் தெரிந்தவர்கள் 9 பேரிலிருந்து 27 பேராகியிருக்கிறார்கள். பள்ளியோடு சேர்த்து நடந்த முன்னேற்றம் இது. 8 பேர் இடையில் நின்றுவிட்டார்கள், அவர்களில் 6 பேர் செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள். அவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நான்காம் வகுப்பு முத்து (பெயர் மாற்றியிருக்கிறோம்) ஜூலையில் சொற்களோடு நின்றவன். போன வாரம் பாட்டிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை அவனே எழுத்துக் கூட்டிப் படித்தான். 'சுபயோக சுபதினத்தில்' வந்ததும் நின்றுவிட்டான். மண்டபத்தின் பெயரையும் தேதியையும் சரியாகப் படித்தான். பாட்டிக்கு அதுதான் வேண்டியிருந்தது. இப்போது பத்தி படிக்கிறான், கதைக்கு இன்னும் வரவில்லை.

"நீங்கள் தந்த 2,00,000 ரூபாயில் ஜனவரி 31 வரை செலவு 1,59,000. சம்பளம் 84,000, சுண்டல் 62,400, புத்தகம் 12,600. மீதி 41,000 பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குச் சரியாக இருக்கும்.

"ஏப்ரல், மே விடுமுறையில் முத்துவைப் போன்ற 25 பேருக்கும் வகுப்பு நின்றுவிடும். அந்த இரண்டு மாதமும் 52 பேருக்கும் நடத்த 40,000 ரூபாய் வேண்டும்: சம்பளம் 24,000, சுண்டல் 16,000. மார்ச் 15-க்குள் முடியும், முடியாது என்று ஒரு வரி அனுப்பினால், ஆசிரியைகளிடம் அதற்கேற்பச் சொல்லிவிடுவோம்."

மீதியை எழுதியதற்குக் காரணம் உண்டு. எழுதாவிட்டால் "கையில்தான் மீதி இருக்கிறதே, அதிலேயே நடத்தலாமே?" என்றுதான் பதில் வரும். ஒரு வேலைக்கென்று கொடுத்த பணம் மிஞ்சினால், கொடுத்தவரைக் கேட்காமல் அதை வேறு வேலைக்குத் திருப்பவும் கூடாது. தொகையும் தேதியும் இல்லாத வேண்டுகோளுக்குப் பதில் வராது. ஒரே மெயிலில் மூன்று வேண்டுகோள் வைத்தால் அவர் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுவார். கம்ப்யூட்டர், கழிப்பறை, ஆண்டுவிழா எல்லாம் வேறு நாளுக்கு இருக்கட்டும்.

முத்துவின் கடைசி வரியைச் சில அமைப்பாளர்கள் வெட்டச் சொல்வார்கள். "கதைக்கு இன்னும் வரவில்லைன்னு நாமே ஏன் சார் எழுதணும்?" அதை வெட்டினால் ஏப்ரல் வகுப்பு எதற்கு என்ற கேள்விக்கு மெயிலில் விடையே இருக்காது.

"இந்த முறை முடியாது" என்று பதில் வந்தாலும் வரலாம். அன்றே ஒரு நன்றி அனுப்பிவிட்டு, அவர் பெயரைப் பட்டியலில் அப்படியே வைத்திருங்கள். ஜூலையில் அதே பிள்ளைகளை மறுபடி சோதித்த கணக்கு அவருக்கும் போக வேண்டும், எண்ணிக்கை 27-க்குக் கீழே இறங்கியிருந்தாலும் சரி.