வகுப்பறைக்குள்ளே – 9
கவனம் கலைந்தது எந்த நிமிடத்தில்?

வகுப்பைப் பதிவு செய்ய கேமராவை எங்கே வைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். கரும்பலகைப் பக்கத்து மூலையில், மாணவர்களின் முகம் தெரியும்படி வைக்க வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காக்கும் மௌனத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஜேக்கப் கவுனின் குறுக்கே வந்துவிட்டார். அவரைக் கடக்காமல் மௌனத்துக்குப் போக முடியாது.

கவுனின் அமெரிக்காவில், டெட்ராய்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர். குறும்பு செய்யும் மாணவனை ஆசிரியர் எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்பதே அவருடைய தொடக்கக் கேள்வி. உறுதியாகச் சொல்வதா, காரணத்தை விளக்கிச் சொல்வதா, கடுமை காட்டுவதா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பிறகு நிஜ வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து நிதானமாகப் பார்த்தபோது, கண்டிக்கும் முறைக்கும் பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் அங்கே தொடர்பே தென்படவில்லை. நன்றாக நடந்த வகுப்புகளைப் பிரித்துக் காட்டியது, கவனம் சிதறுவதற்கு முன்பே ஆசிரியர் செய்துகொண்டிருந்த வேலை. ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குத் தடங்கலில்லாமல் நகர்வது அதில் முக்கியமானது. ஒரு வேலையைத் தொடங்கி அந்தரத்தில் விட்டு வேறொன்றுக்குப் போய்த் திரும்புவது, முடித்துவிட்ட வேலைக்கு மறுபடி தாவுவது, சின்ன விஷயத்தை வளர்த்துக்கொண்டே போவது ஆகியவற்றைத் தனித்தனிப் பிழைகளாக அவர் வகைப்படுத்தினார். 1970இல் வெளிவந்த அவருடைய நூலின் மையம் இதுதான். தன் பதிவைத் தானே பார்க்கும் ஆசிரியைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று: பிள்ளைகளின் கவனம் விலகிய நொடியில் நின்றுவிடாமல், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு, அமிலமும் காரமும், 40 நிமிடப் பாடவேளை. 21ஆம் நிமிடத்தில் கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் பேசி வகுப்பைக் கெடுத்தார்கள் என்பது ஆசிரியையின் நினைவு. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பாடத்தை விட்டு விலகிய முகங்களை எண்ணுகிறார். 18ஆம் நிமிடம் வரை இரண்டு மூன்றாக இருந்த எண்ணிக்கை, 19இல் ஒன்பதாகிறது. பையன்கள் பேசியது அதற்கு இரண்டு நிமிடம் கழித்துத்தான். இப்போது ஒலியோடு 18ஆம் நிமிடத்துக்குத் திரும்புகிறார். “நோட்டை எடுங்க, நீல லிட்மஸ் என்ன நிறமா மாறிச்சுன்னு எழுதுங்க” என்கிறது அவருடைய குரல். பேனாக்கள் எழுந்துவிட்டன. உடனே, “ஆமா, நேத்து வீட்டுப்பாடம் யார் யார் எழுதலை?” என்று கேட்டு வரிசை வரிசையாகப் பார்க்கத் தொடங்குகிறார். எழுதுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் பேனாக்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. கடைசி பெஞ்சைக் கண்டித்துப் பயனில்லை. வீட்டுப்பாடக் கேள்வியை வகுப்பின் தொடக்கத்துக்கு நகர்த்தினால் போதும். மாற்றம் பலித்ததா என்பதை அடுத்த பதிவில் அதே மாதிரி எழுத்து வேலை வரும் இடத்தில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது, 19ஆம் நிமிடச் சரிவு இயல்புதானே என்று கேட்கலாம். அந்த எல்லைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளை வில்சன், கார்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் அலசி, அவை அதை நிறுவவில்லை என்று காட்டினார்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வில், கல்லூரி வேதியியல் மாணவர்கள் தம் கவனம் விலகியதைப் பொத்தான் அழுத்திப் பதிவு செய்தார்கள். விலகல் வகுப்பு முழுக்கச் சிறுசிறு அலைகளாக வந்தது. செய்முறை காட்டியபோதும் கேள்வி கேட்டபோதும் குறைந்தது. அவர்கள் பெரியவர்கள், அந்த அலையின் அளவு எட்டாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் சரிவுக்குக் கடிகாரம்தான் காரணம் என்றால், நாலைந்து பதிவுகளிலும் அது ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் வர வேண்டும். அப்படி வராமல் வேலை மாறும் இடங்களில் வந்தால், காரணம் கடிகாரம் இல்லை.

முகத்தை வைத்து மனத்தை அளக்க முடியுமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. பலகையையே பார்த்தபடி வேறெங்கோ இருக்கும் பிள்ளையைக் கேமரா பிடிக்காது. தலை குனிந்து கேட்பவளை விலகியவள் என்று தவறாக எண்ணியும் விடலாம். ஆகவே ஒரு முகத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பல முகங்கள் சேர்ந்து மாறும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்றைய நோட்டுகளோடு ஒப்பிட வேண்டும். லிட்மஸ் வரி பாதி நோட்டுகளில் அரைகுறையாக நின்றிருந்தால், முகங்கள் சொன்னதை நோட்டும் சொல்கிறது. அமைதியாக விலகும் பிள்ளையைக் கண்டுபிடிக்க இந்த முறை உதவாது. அதற்குக் கேள்விதான் வேண்டும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்று ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து காட்டினார். அதை மூன்று நொடியாக்கினால் என்ன ஆகிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)