கடைசி வரிசைக்கும் கதை கேட்க

கோயில் திடலில் ராமாயணச் சொற்பொழிவு. மேடைக்கும் கடைசி வரிசைக்கும் 100 மீட்டர். பின்னால் கேட்கவில்லை என்றதும் மேடை ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். முன்னால் இருப்பவர்களுக்குக் காது வலிக்கிறது. பின்னால் அப்போதும் சொல் பிரிவதில்லை.

50 மீட்டரில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தி, பின்பக்கம் பார்த்துத் திருப்புங்கள். சத்தம் போதும். ஆனால் புதிதாக ஒரு சிக்கல் வரும். ஒயரில் குரல் உடனே போய்விடும். மேடையிலிருந்து காற்றில் வருவதோ நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான். 50 மீட்டரைக் கடக்க நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். அதனால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை காதில் விழும்.

டிஜிட்டல் மிக்சரில், பின் ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட்டில் 'டிலே' வைத்தால் இது தீரும். 50-ஐ 350-ஆல் வகுத்தால் 143 மில்லிசெகண்ட். அதோடு 10 கூட்டி 153 வையுங்கள். முதலில் வரும் ஒலியின் திசையையே காது நம்பும் என்பதால், பேசுபவர் மேடையில் இருந்தே பேசுவதாகத் தோன்றும்.

சரிபார்க்க, மேடை மைக் அருகே ஒருவர் இரண்டு குச்சிகளைத் தட்டட்டும். பின் ஸ்பீக்கரைத் தாண்டிச் சில மீட்டரில் நின்று கேளுங்கள். ஒரே 'டக்' என்றால் சரி. 'ட-டக்' என்றால் கணக்கைத் திருத்துங்கள்.

பழைய மிக்சர்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சவுண்ட் சர்வீஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.