அழைப்பில் இல்லாதவருக்கு ஒரு மின்னஞ்சல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சாயப்பட்டறையில் எத்தனை கிலோ துணி நிற்கிறது என்பது நோட்டிலும் மேலாளரின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. கோவையிலிருந்து மென்பொருள் விற்பவர் ஒருவர் போனில் அரைமணி நேரம் விசாரிக்கிறார். பொருளைக் காட்டுவதற்கு முன் என்ன குறை என்று கேட்டறியும் இந்தப் பேச்சை, விற்பனைத் துறையில் டிஸ்கவரி கால் என்பார்கள்.

பேசியவர் மேலாளர். பணம் கொடுக்கப்போகிற முதலாளி அந்தப் பேச்சில் இல்லை. அன்று மாலைக்குள் போக வேண்டிய மின்னஞ்சலில் மேலாளரின் பெயர் இருந்தாலும், அதைக் கடைசியில் படிக்கப்போவது முதலாளிதான். "நாம் பேசியபடி" என்று தொடங்கி நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். இன்று நான் புரிந்துகொண்டது இது. சாயத்துக்குப் போன துணி எத்தனை கிலோ திரும்பியது, எவ்வளவு குறைந்தது என்று சலானோடு ஒத்துப்பார்க்கக் கணக்காளருக்கு இரண்டு நாள் ஆகிறது. பட்டறை பில் வந்த அன்றே அது தெரிய வேண்டும். டாலியில் கை வைக்கக் கூடாது. விலை பற்றி இன்னும் பேசவில்லை.

போன மாதச் சலான்களில் பத்தின் நகலைப் புதன்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். அவற்றை ஏற்றி, வெள்ளி காலை 11 மணிக்கு உங்களுக்கும் முதலாளிக்கும் டெமோ காட்டுகிறேன். தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள்."

அவ்வளவுதான். மென்பொருளின் பெயர்கூட இல்லை. இங்கேதான் பலருக்குக் கை துறுதுறுக்கிறது. "ஒருங்கிணைந்த சரக்கு மேலாண்மைத் தீர்வு" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒன்றை மேலாளர் கேட்கவே இல்லை. "எத்தனை கிலோ திரும்பியது" என்பது அவர் வாயிலிருந்து வந்தது. முதலாளியும் தினமும் கேட்கிற கேள்வி அது.

இன்னொரு கோளாறு, "பார்க்கலாம் சார்" என்பதைச் சம்மதமாக எழுதிவிடுவது. நம் ஊரில் அது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. முடிவாகாததை முடிவாகவில்லை என்றே எழுத வேண்டும். விலை பற்றிய அந்த வரி அதற்காகத்தான். அது இல்லையென்றால், டெமோவுக்கு வரும் முதலாளி விலை பேசி முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

சலான் கேட்பதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. அந்தப் பக்கமும் ஏதாவது ஒரு வேலை செய்தால்தான் அக்கறை எவ்வளவு என்று தெரியும். "நன்றி, பார்க்கிறோம்" என்ற பதிலை நம்பி டெமோவுக்கு உட்கார வேண்டாம். "இரண்டு நாள் இல்லைங்க, நாலு நாள். பிரிண்டிங்குக்குப் போறதையும் சேர்த்துக்குங்க" என்று திருத்தி எழுதினால், மடல் உள்ளே நாலு பேர் கைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். புதன் கடந்தும் சலான் வராவிட்டால், நினைவூட்டல் மடல் எழுதாமல் மேலாளரைப் போனில் அழைத்து, வெள்ளிக்கிழமை முதலாளி ஊரில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.