வளையத்தில் தொங்கப்போவது யார்?

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கும் போட்டு வந்த அளவல்ல. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கியபோது, உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் பழக்கூடைகளை மாட்டினார். அந்த விளிம்பு 10 அடி உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அமைந்த அந்த உயரத்தையே வீட்டுச் சுவரில் குழந்தைக்கும் வைத்துவிட்டால், எட்டு வயதுப் பிள்ளை இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கி எறியத்தான் பழகும். சரியாகக் கையை உயர்த்தி மணிக்கட்டால் தள்ளிவிட அதற்கு வலு போதாது.

அதனால் சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், அதாவது சுமார் எட்டரை அடி. அமெரிக்காவின் என்பிஏ அமைப்பு தந்துள்ள வழிகாட்டுதல், 7, 8 வயதினருக்கு 8 அடி, 9 முதல் 11 வயது வரை 9 அடி என்கிறது. நம் வீட்டுச் சுவருக்கு எட்டரை அடி நல்ல நடு அளவு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 130 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை கையைத் தூக்கினால் சுமார் 165 சென்டிமீட்டர் எட்டும்; எம்பிக் குதித்தாலும் இரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது. வளையம் அதற்கு எட்டாது. ஆனால் அதே வீட்டில் ஐந்தடி எட்டங்குல உயரத்தில் கல்லூரி போகும் அண்ணன் இருப்பான். அவன் கை நின்றபடியே 220 சென்டிமீட்டருக்கு எட்டும். அரை மீட்டர் குதித்தால் வளையம் அவன் பிடியில். தம்பிக்காக மாட்டிய வளையத்தில் முதலில் தொங்கப்போவது அவன்தான். தொங்குவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 நவம்பரில் ஹரியானாவின் ரோஹ்தக் மாவட்டத்தில் 16 வயது வீரர் ஒருவர் பயிற்சியின்போது வளையத்தைப் பற்றித் தொங்கியதும் தாங்கியிருந்த தூணே சாய்ந்து அவர்மேல் விழுந்தது. அவர் உயிரிழந்தார். ஆகவே உயரத்தைச் சின்னவனுக்காக முடிவு செய்ய வேண்டும், போல்ட்டைப் பெரியவனுக்காக.

60 கிலோ எடையுள்ள அண்ணன் வளையத்தின் முன்விளிம்பைப் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அளவு வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பலகையிலிருந்து அது 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஆக அவன் எடை பலகையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது. கீழ்ப் போல்ட்டுகள் சுவரோடு அழுந்த, மேல் போல்ட்டுகள் சுவரை விட்டுப் பிடுங்கப்படுகின்றன. பலகை இல்லாமல் வளையத்தின் இரும்புத் தகட்டை நேராகச் சுவரில் அடித்து, மேல் போல்ட்டுக்கும் கீழ்ப் போல்ட்டுக்கும் 15 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், மேல் வரிசையை இழுக்கும் விசை 60 பெருக்கல் 60 வகுத்தல் 15, அதாவது 240 கிலோ. இடைவெளியை 75 சென்டிமீட்டராக்கினால் அது 48 கிலோவாகக் குறைகிறது. குதித்து ஆடினால் இரண்டுமே ஏறத்தாழ இரட்டிப்பாகும். பலகை பந்து பட்டுத் திரும்புவதற்கு மட்டுமல்ல, இந்த இழுவையைப் பரப்பவும்தான் வேண்டியிருக்கிறது.

நான்கடி அகலம், மூன்றடி உயரத்தில் 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் போதும். வளையத்தை முதலில் பலகையில் பூட்ட வேண்டும். போல்ட் முன்னாலிருந்து நுழைந்து, பின்னால் அகலமான வாஷரும் நட்டும் ஏற வேண்டும். அந்த நட்டுகள் சுவரில் இடிக்காமலிருக்கப் பலகைக்குப் பின்னால் மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் ரீப்பர் கட்டைகள் தேவை. சுவர்ப் போல்ட்டுகள் அந்தக் கட்டைகளின் வழியாகவே போக வேண்டும்.

பலர் தவறுவது போல்ட்டின் நீளத்தில். பலகை 18, கட்டை 25, சிமென்ட் பூச்சு சுமார் 15. மூன்றும் சேர்ந்து 58 மில்லிமீட்டர். கடையில் கேட்டதும் தரும் 75 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டை வாங்கி வந்தால் செங்கலுக்குள் போவது 17 மில்லிமீட்டர் மட்டுமே. பூச்சு எடையைத் தாங்காது. செங்கல்தான் தாங்க வேண்டும்.

ஒன்பதங்குலச் செங்கல் சுவராக இருந்து, மறுபக்கமும் கை எட்டுமானால், ஆங்கரை விட்டுவிட்டுச் சுவரையே ஊடுருவிப் போல்ட் போடுவதுதான் நம்பத்தகுந்த வழி. பலகை, கட்டை, இருபக்கப் பூச்சு, சுவர் எல்லாம் சேர்ந்து சுமார் 300 மில்லிமீட்டர் வரும். ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் திரெட் ராடை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 333. வாஷர், நட்டு, மறுபக்கம் வைக்கும் நாலங்குலச் சதுர இரும்புத் தகடு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. நான்கு போல்ட்டுக்கு இரண்டு ராடு வேண்டும். நட்டை இறுக்கும்போது தகடு சுவரில் படிந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் செங்கல் நொறுங்கும்.

துளையிடும்போது கொட்டும் தூளைப் பார்க்க வேண்டும். சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பல் நிறமென்றால் கலவை அல்லது கான்கிரீட். இரண்டு செங்கல் சேரும் கலவைக் கோட்டில் ஆங்கர் போல்ட் நிற்காது. பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். விரிந்து பிடிக்கும் ஆங்கர் அதன் ஓட்டை உடைத்துவிடும். வெள்ளைத் தூளாக எளிதில் கொட்டினால் லைட்வெயிட் பிளாக்காக இருக்கலாம். இந்த இரண்டு சுவரிலும், ஊடுருவிப் போல்ட் போட முடியாவிட்டால், கான்கிரீட் தூணைத் தேடுவது நல்லது. நாலரை அங்குலச் சுவரிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் மாட்டவே கூடாது. மாடியில் வெளியே போகும் பந்தை எட்டிப் பிடிக்கப் பிள்ளை சுவரில் ஏறும்.

உயரத்தைப் பலகையின் அடியிலிருந்து அளப்பது தவறு. வளையத்தின் மேல்விளிம்புதான் கணக்கு. கார் நிறுத்தும் இடத்துத் தரை மழைநீர் வடியச் சரிவாக இருக்குமாதலால், வளையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு அது தொடும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். வளையத்தின் மேல் ரசமட்டத்தை முன்பின்னாகவும் குறுக்காகவும் வைத்துப் பார்க்கலாம். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் பலகையே சாய்ந்திருக்கிறது.

ஆடுகளத்தில் பலகை எல்லைக்கோட்டிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே நிற்பதால், ஓடிவந்து பந்து போடும் வீரர் நிற்க இடம் இருக்கும். வீட்டில் வளையத்துக்கு நேர் பின்னால் சுவர். அதில் தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தடித்த நுரை மெத்தை கட்டுவது கட்டாயம். மின்மீட்டர் பெட்டியோ ஜன்னல் கண்ணாடியோ அருகில் இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை அனுப்பும் முன் 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வளையத்தில் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அடியில் யாரும் நிற்கக் கூடாது. மேல் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே முன்பு நுழையாத தபால் அட்டை இப்போது நுழைந்தால் மேல் போல்ட் விட்டுக்கொடுக்கிறது. மூட்டையைத் தாங்கியது என்பதற்காக அண்ணன் தொங்க அனுமதி கிடைத்துவிடாது. தாவும் உடம்பின் விசை வேறு.

கடைசி வேலை, ஒவ்வொரு நட்டின் மேலும் பக்கத்து வாஷரின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுப்பது. மாதம் ஒருமுறை பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். போல்ட்டைச் சுற்றிப் பூச்சில் கீறல் ஓடியிருந்தாலோ, பலகைக்கு அடியில் சிவப்புத் தூள் சிந்தியிருந்தாலோ இறுக்கிப் பயனில்லை. அன்றைக்கே வளையத்தைக் கழற்றி இறக்கிவிட்டு, கொத்தனாரிடம் சுவரைக் காட்டுங்கள்.