கைப்பேசியின் உள்வழி – 11: டவர் ஃபுல், ஓடிபி மட்டும் காணோம்

ஒரு குறுஞ்செய்தி வங்கியின் கணினியிலிருந்து கிளம்பி டெலிகாம் நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம் வரை வந்து சேர்வதைச் சென்ற வாரம் பார்த்தோம். மையத்துக்கு எஸ்.எம்.எஸ்.சி. என்று பெயர். அங்கிருந்து தொடர்வோம்.

இந்த வாரம் வங்கிகள் பதிவுசெய்து வைத்திருக்கும் ‘டெம்ப்ளேட்’ பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு எண் என்னைப் பிடித்துக்கொண்டது: 54 நிமிடம். அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

முதலில் அந்தக் கோடுகள். திரையின் மேல்மூலையில் தெரியும் சிக்னல் கோடுகள், டவர் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் அடையாள அலை உங்கள் போனில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. கோயில் ஒலிபெருக்கி உங்கள் வீட்டுத் திண்ணை வரை கணீரென்று கேட்கிறது என்பதற்காக, நீங்கள் திண்ணையில் இருப்பது கோயிலில் இருப்பவருக்குத் தெரியும் என்று ஆகிவிடாது. கோடுகளும் அப்படித்தான். அவை போனின் காதைப் பற்றிய சேதி. ஓடிபி வந்து சேர, போன் எங்கே இருக்கிறது என்று வலையமைப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு என்பதிலும் உலகப் பொதுக் கணக்கு கிடையாது. 2010 ஜூலையில் ஐபோன் 4 பற்றிப் புகார்கள் குவிந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரமே தவறு, பல இடங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டி வந்திருக்கிறோம் என்று ஆப்பிள் நிறுவனமே பகிரங்கமாக அறிவித்தது.

இப்போது வழிக்கு வருவோம். உங்கள் ஓடிபி எஸ்.எம்.எஸ்.சி.க்கு வந்ததும், அந்த மையம் டவரைத் தேடி ஓடுவதில்லை. எச்.எல்.ஆர். என்ற சந்தாதாரர் பதிவேட்டிடம் “இந்த எண் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது?” என்று கேட்கிறது. பதிவேடு ஒரு ஸ்விட்ச்சின் முகவரியைத் தருகிறது. அந்த ஸ்விட்ச், போன் கடைசியாகத் தலைகாட்டிய வட்டாரத்தின் டவர்கள் வழியாக அதைக் கூப்பிடுகிறது. போன் பதில் சொன்னால் செய்தி இறங்கும். இறங்கியதற்கு ஒப்புகையும் திரும்பிப் போகும்.

சிக்கல் பிறப்பது அந்த ஸ்விட்ச்சில். 4ஜி போன் இரண்டு இடங்களில் தன்னைப் பதிந்துகொள்கிறது. இணையத்துக்கு ஓரிடம்; அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் வேறோரிடம். இந்த இரண்டாவது இடம் சில வலைகளில் பழைய பாணி ஸ்விட்ச். வோல்ட்டி வலைகளில் அது ஐ.எம்.எஸ். என்ற அமைப்பு. இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ஸ்விட்ச் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனாலோ, நீங்கள் பஸ்ஸில் போகும்போது வட்டாரம் மாறும் நேரத்தில் ஒரு தகவல் தவறினாலோ, இரண்டாவது பதிவு மட்டும் அழிந்துபோகலாம். இணையப் பதிவு அப்படியே இருக்கும். வாட்ஸ்அப் வரும், யூடியூப் ஓடும், கோடுகள் நிறைந்திருக்கும். ஓடிபி மட்டும் வராது. பல நேரங்களில் சாதாரண அழைப்பும் வராது. அதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

பதிவு அழிந்தது போனுக்குத் தெரியாது. யாரும் அதனிடம் சொல்வதுமில்லை. அது தானாகவே குறிப்பிட்ட இடைவெளியில் “நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று தெரிவிக்கும்போதுதான் விஷயம் சரியாகும். 4ஜி நெறிமுறையில் அந்த இடைவெளிக்கு இயல்பாகக் குறிக்கப்பட்டிருக்கும் அளவுதான் 54 நிமிடம். நிறுவனங்கள் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஆதார் ஓடிபியின் ஆயுள் 10 நிமிடம். போன் அடுத்த முறை வாய் திறப்பதற்குள் ஐந்து ஓடிபிகள் பிறந்து காலாவதியாகிவிடலாம்! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், “டவர் ஃபுல்லா இருக்கே” என்று சொல்பவர்களின் தவிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது.

போய்ச் சேராத செய்தி தொலைந்துபோவதில்லை. பதிவேடு அந்த எண்ணின் பக்கத்தில் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று ஒரு கொடியை ஏற்றி, எந்த மையத்தில் செய்தி காத்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்கிறது. போன் மறுபடி பதிவானதும் கொடி இறங்கும். “ஆள் வந்துவிட்டார்” என்று மையத்துக்குத் தகவல் போகும். தேங்கியதெல்லாம் ஒன்றாக வந்து விழும்.

இ-சேவை மையத்தில் என் சித்தப்பாவுடன் இதை நேரில் பார்த்தேன். ஆதாரில் முகவரி மாற்ற வந்திருந்தார். கணினியில் இருந்த பெண், “ஐயா, ஓடிபி வந்துடுச்சா?” என்றார். “இல்லம்மா, டவர் ஃபுல்லாத்தான் இருக்கு” என்று போனைத் தூக்கிக் காட்டினார் சித்தப்பா. அந்தப் பெண் மீண்டும் மீண்டும் ‘ரீசெண்ட்’ அழுத்திக்கொண்டிருந்தார். நான் போனை வாங்கி ஃப்ளைட் மோடில் போட்டு, அரை நிமிடம் கழித்து எடுத்தேன். டிங், டிங், டிங் என்று மூன்று வந்தன. சித்தப்பா மேலே தெரிந்ததைப் படித்தார். தவறு என்றது திரை. தேங்கிய செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே வரும் என்ற உறுதி கிடையாது. புது ஓடிபி கேட்டால் பழையது செல்லாது என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஆகவே மூன்றையும் விட்டுவிட்டு, புதிதாக ஒன்றே ஒன்று கேட்டோம். உடனே வந்தது, வேலை முடிந்தது.

ஃப்ளைட் மோடு இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. போடும்போது போன் வலையிடம் விடைபெறுகிறது. எடுக்கும்போது இரண்டு இடங்களிலும் புதிதாகப் பதிகிறது. போட்ட நொடியில் எடுத்துவிடாமல் சற்று விட்டு எடுங்கள்.

ரீசெண்ட் அழுத்தும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரை உங்கள் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு ஒன்றும் குறுஞ்செய்தி ஒன்றும் விடச் சொல்லுங்கள். இரண்டும் வராவிட்டால் கோளாறு உங்கள் பதிவில். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டயலரில் `*#*#4636#*#*` என்று அடித்தால் `IMS Service Status` என்ற பகுதியைக் காணலாம். வோல்ட்டி எண்ணுக்கு அங்கே `Not Registered` என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு சிம் போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பல போன்களில் இரண்டு சிம்முக்கும் ரேடியோ ஒன்றுதான். முதல் சிம்மில் கஸ்டமர் கேரிடம் பேசிக்கொண்டே இரண்டாவது சிம்முக்கு ஓடிபி கேட்டால், பேசி முடிக்கும் வரை அது வராமல் போகலாம். அழைப்பை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஃப்ளைட் மோடால் ஆகாத இடமும் உண்டு. சிம் மாற்றி வாங்கினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2022இல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் பெயரில் வேறு யாரோ சிம் வாங்கி ஓடிபியைப் பறிப்பதைத் தடுக்கத்தான் இது. அன்று காத்திருப்பதே வழி.

அழைப்பும் வருகிறது, மற்றவர்களின் குறுஞ்செய்தியும் வருகிறது, ஒரே ஒரு வங்கியின் ஓடிபி மட்டும் வரவில்லை என்றால்? அப்போது உங்கள் போனைக் குடைவதில் பயனில்லை. செய்தி உங்கள் பதிவேட்டை எட்டுவதற்கு முன்பே தடுக்கப்பட்டிருக்கலாம். 2021 மார்ச் 8 அன்று நாடெங்கும் அதுதான் நடந்தது. டெம்ப்ளேட்டோடு பொருந்தாத செய்திகளை டெலிகாம் நிறுவனங்கள் வடிகட்டத் தொடங்க, ஓடிபிகள் பெருமளவில் நின்றுபோயின. மறுநாளே டிராய் அந்த வடிகட்டலை ஏழு நாளுக்கு நிறுத்திவைத்தது. அந்த டெம்ப்ளேட் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)