ரிலையன்ஸ் பங்கு ஒரே நாளில் பாதி விலை... பணம் எங்கே போச்சு? ரைட்ஸ், போனஸ் கணக்கு இதுதான்!

2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை காலை. வெள்ளிக்கிழமை சுமார் 2,650 ரூபாயில் முடிந்த ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்கு, 1,330 ரூபாய் பக்கத்தில் நின்றது. ஆப்பைத் திறந்து பார்த்த பலருக்குப் பகீர்னு இருந்திருக்கும். ஆனா அது சரிவு இல்லை. ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்ற போனஸ் அன்று விலையில் பிரதிபலித்தது, அவ்வளவுதான்.

இதே நிறுவனம் 2020-ல் ரைட்ஸ் இஷ்யூவும் கொண்டு வந்தது. இரண்டிலும் பங்குகளின் எண்ணிக்கை கூடியது. ஆனா கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு. பணம் உள்ளே வந்ததா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ரைட்ஸ் இஷ்யூ: பணம் கட்டணும்

ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடம், "முதல் உரிமை உங்களுக்குத்தான், வாங்கிக்கிறீங்களா?" என்று கம்பெனி கேட்பதுதான் ரைட்ஸ் இஷ்யூ. 2020-ல் ரிலையன்ஸ், 15 பங்குக்கு 1 புதிய பங்கு என்ற கணக்கில், 1,257 ரூபாய் விலையில் கொடுத்தது. திரட்டிய தொகை 53,124 கோடி ரூபாய்.

150 பங்கு வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 10 பங்கு வாங்க உரிமை. மொத்த விலை 12,570 ரூபாய். இந்தப் பணம் கம்பெனி கணக்கில் இப்படிப் பதிவாகும்:

வங்கிக் கணக்கு – டெபிட் ரூ.12,570
பங்கு மூலதனம் – கிரெடிட் ரூ.100
செக்யூரிட்டீஸ் பிரீமியம் – கிரெடிட் ரூ.12,470

நம்ம பாஸ்புக்கில் பார்ப்பதற்கு நேர்மாறாக, கம்பெனி புத்தகத்தில் பணம் உள்ளே வந்தால் வங்கிக் கணக்கு டெபிட் ஆகும். பங்கின் முகமதிப்பு 10 ரூபாய் என்பதால், 10 பங்குக்கு 100 ரூபாய் மட்டும்தான் மூலதனம். முகமதிப்புக்கு மேல் வாங்கிய தொகை முழுக்க பிரீமியம் என்ற தனிக் கணக்குக்குப் போகும்.

ரிலையன்ஸ் இந்தப் பணத்தை ஒரே தடவையில் கேட்கவில்லை. விண்ணப்பிக்கும்போது 25 சதவீதம், மீதி 2021-ல் இரண்டு தவணையாக. அதனால் முதலில் வந்த 3,142.50 ரூபாயில் 25 ரூபாய் மூலதனமாகவும், 3,117.50 ரூபாய் பிரீமியமாகவும் பதிவாகும். தவணை வர வர அதே மாதிரி பதிவு தொடரும்.

போனஸ்: கல்லாவுக்குள் காசு வராது

இப்போ 160 பங்கு ஆகிவிட்ட அதே நபருக்கு 2024-ல் இன்னொரு 160 பங்கு இலவசமாக வந்தது. புத்தகத்தில் நடப்பது இரண்டு படி. முதலில், கையிருப்பு நிதி 1,600 ரூபாய்க்கு டெபிட் ஆகி, 'பங்குதாரர்களுக்கான போனஸ்' என்ற கணக்குக்குப் போகும். பிறகு அங்கிருந்து பங்கு மூலதனத்துக்கு மாறும். சுருக்கமா:

கையிருப்பு நிதி – டெபிட் ரூ.1,600
பங்கு மூலதனம் – கிரெடிட் ரூ.1,600

வங்கிக் கணக்கு என்ற வரியே இதில் இல்லை. ஒரு பாக்கெட்டில் இருந்ததை இன்னொரு பாக்கெட்டில் வைப்பது மாதிரிதான். ரிலையன்ஸின் மூலதனம் சுமார் 6,766 கோடியிலிருந்து 13,532 கோடி ரூபாயாக ஆனது. ஆனா மூலதனமும் கையிருப்பும் சேர்ந்த மொத்தம் மாறவில்லை.

அதனால்தான் பங்கு விலையும் பாதியாகிறது. 2,650 ரூபாயில் 160 பங்கு இருந்தாலும், 1,325 ரூபாயில் 320 பங்கு இருந்தாலும் மதிப்பு ஒரே 4,24,000 ரூபாய்தான்.

எந்தப் பணத்திலிருந்தும் போனஸ் கொடுத்துவிட முடியாது. நிலத்தின் மதிப்பைப் புத்தகத்தில் உயர்த்திக் காட்டி, அந்தத் தொகையைப் போனஸுக்குப் பயன்படுத்தக் கம்பெனிகள் சட்டத்தின் 63-வது பிரிவு தடை போடுகிறது.

எங்கே ஏமாறுகிறோம்?

போனஸில் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பங்கு தானாக டீமேட்டில் வந்துவிடும். ரைட்ஸில் சும்மா இருந்தால் நஷ்டம். வாங்கும் உரிமை டீமேட்டில் தனியாக வரும். விண்ணப்பிக்காமலும், சந்தையில் விற்காமலும் விட்டால் கடைசி நாளோடு அது காலாவதி. மற்றவர்கள் குறைந்த விலையில் வாங்கியிருப்பார்கள், நம் பங்கின் விகிதம் குறைந்திருக்கும்.

ஒரு கம்பெனியில் பங்குகள் கூடியிருந்தால், ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கையைத் திறந்து, நிதி திரட்டல் பகுதியைப் பாருங்கள். ரைட்ஸ் என்றால் வந்த பணம் அங்கே ஒரு வரியாக இருக்கும். போனஸுக்கு அப்படி ஒரு வரி இருக்காது.