புற்றுக்குள் களையெடுப்பு

வண்டலூர், நன்மங்கலம் காடுகளின் ஓரமாக மனை பிரிக்கும்போது ஜேசிபி முதலில் சாய்ப்பது வேலிக்கருவையை. அடுத்தது புற்று. மஞ்சளும் குங்குமமும் பூசிய புற்றாக இருந்தால் ஓட்டுநர் சற்றுத் தயங்குவார், யாராவது சூடம் ஏற்றுவார்கள். மற்றவை ஒரே தட்டில் உடையும். உடைந்த மண்ணுக்குள் சாம்பலும் பழுப்புமாக, மூளை போல மடிப்பு மடிப்பான பஞ்சுக்கட்டிகள் கிடக்கும். கறையான் கூடு என்று காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். அது கூடல்ல, வயல்.

இந்த வயலைப் பற்றி எழுத்தில் வந்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே போனது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்த இயற்கையியலாளர் ஒருவர், இங்குள்ள புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, உள்ளே காளான் வளர்வதை 1779இல் ஜெர்மன் மொழியில் பதிவு செய்தார்.

தென்னிந்தியாவில் மேடு மேடாகப் புற்றெழுப்பும் கறையான்களில் முக்கியமானது ஒடன்டோடெர்மெஸ் ஒபேசஸ். காய்ந்த இலை, சருகு, பட்டை, சாணம், மரம் எல்லாம் இதற்குத் தீவனம். ஆனால் அவற்றைத் தானாகவே முழுவதும் செரித்துக்கொள்ள இதனால் ஆவதில்லை. வேலைக்காரக் கறையான் மென்று விழுங்குவது குடல் வழியே சீக்கிரமே வெளியே வந்துவிடும். அதைத்தான் புற்றறையில் அடை போல அடுக்குகிறது. குடலில் கூடவே பயணம் செய்த டெர்மிட்டோமைசெஸ் என்ற காளானின் வித்துகள் அந்த அடையிலேயே முளைத்து, மரத்தின் கடினமான பகுதியை மெல்ல மெல்ல உடைக்கின்றன. சில நாட்களில் அடையின் மேல் ஜவ்வரிசி போன்ற வெள்ளை முத்துகள் அரும்பும். அவற்றை இளம் கறையான்கள் தின்னும். வித்துகள் மறுபடி புதுத் தீவனத்தோடு கலந்து புது அடைக்குப் போகும். பதப்பட்ட பழைய அடையை மூத்தவை தின்று தீர்க்கும். மேலே புதிது சேரச் சேர, கீழே பழையது குறையும். ஒரு பக்கம் நடவு, மறுபக்கம் அறுவடை.

மழைக்காலத்தில் புற்றைச் சுற்றி நீண்ட வேரோடு எழும்பும் புற்றுக்காளான் இந்தப் பயிரின் பூ. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் ருசியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தையில் விற்கும் சிப்பிக்காளானைப் போல இதைக் கொட்டகையில் வைக்கோலில் வளர்த்துப் பார்க்கும் முயற்சி இன்னும் கைகூடவில்லை. கறையான் இருந்தால்தான் பயிர்.

ஏன் என்பதற்கு அந்த அடையே பதில் சொல்லும். சத்துள்ள, ஈரமான, கதகதப்பான அந்த அடையில் வளர எத்தனையோ பூஞ்சைகள் காத்திருக்கின்றன. அவற்றில் முதல் களை சூடோசைலேரியா. நல்ல நிலையில் உள்ள அடையிலும் இது கண்ணுக்குத் தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கும். அடையை வெளியே எடுத்து, ஒரு கறையான் கூட இல்லாமல் ஈரமான டப்பாவில் வைத்தால் போதும். சில நாட்களில் வெள்ளைப் பஞ்சு போல எழுந்து பயிரை மூடிவிடும். பிறகு கறுத்த குச்சிகளாக நீளும். கைவிடப்பட்ட புற்றைத் தோண்டும்போது கிடைக்கும் கருநிறக் கிழங்கு போன்ற உருண்டைகளும் இந்த வகைப் பூஞ்சையின் வேலைதான். கேரளத்து நாட்டு வைத்தியர்கள் அதை நிலமாங்கா என்று மருந்துக்கு எடுப்பார்கள். கறையான் போன வயலில் களை மண்டியதற்கு அதுவே சாட்சி.

அப்படியானால் கறையான் இருக்கும்போது களையை அடக்குவது எது? நெடுநாள் விடை தெரியாதிருந்த இந்தக் கேள்விக்கு, மொஹாலியில் இதே ஒபேசஸ் கறையானை வைத்து நடந்த ஆய்வு ஒரு பதில் தந்தது. 2025இல் அது வெளியானது. பயிரையும் களையையும் கறையான் வாசனையால் பிரித்தறிகிறது. களை தொற்றிய இடத்தில் வாயில் உருட்டிய மண்ணுருண்டைகளைக் கொண்டுவந்து அப்புகிறது. தொற்று கொஞ்சமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் கவனிக்கிறது. மிஞ்சிவிட்டால் கெட்ட அடையை நல்ல அடையிலிருந்து பிரித்து, முழுவதையும் மண்ணால் மூடிப் புதைத்துவிடுகிறது. மண்ணுக்குள் காற்றில்லாமல் களை திணறும். அந்த உருண்டைகளில் இருக்கும் நுண்ணுயிர்களும் களையை வளரவிடாமல் தடுக்கும். களைக்கொல்லி தெளிக்கப் போனால் பயிரும் ஒரு பூஞ்சைதானே, அதுவும் சாகும். அதனால்தான் இடம் பார்த்து, அளவு பார்த்துப் புதைக்கும் இந்தக் கைவேலை.

அமெரிக்கக் கண்டங்களில் இதே தொழிலை எறும்புகள் செய்கின்றன. இலைவெட்டி எறும்புகளின் தோட்டத்தைக் கெடுக்கும் பூஞ்சைக்கு எஸ்கோவோப்சிஸ் என்று பெயர். எறும்பின் உடம்பில் வெண்பொடி போலப் படிந்திருக்கும் பாக்டீரியா அதற்கு எதிரான மருந்தைச் சுரக்கிறது என்று 1999இல் தெரியவந்தது. மருந்து போதாத இடத்தில் குட்டி வேலைக்காரிகள் நோய்ப்பட்ட துண்டைப் பிய்த்துக் குப்பைக்குழியில் போடுகின்றன. நம்மூர் எறும்புகளுக்கு இந்த விவசாயம் கிடையாது. இங்கே உழவர் கறையான்தான்.

அந்த உழவர்மேல்தான் தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் புது மனைகளில் இப்போது மருந்து ஊற்றுகிறார்கள். அஸ்திவாரத்துக்கு முன் கறையான் மருந்து அடிப்பதற்கு, தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை என்பது இந்தியத் தர விதி சொல்லும் அளவு. அரை கிரவுண்டு மனையில் 800 சதுர அடிக்கு வீடு கட்டினால், தரைக்கு மட்டும் ஏறக்குறைய 370 லிட்டர். வாசற்கால் அரித்து, அலமாரியில் பத்திரம் மண்ணாகிப் போனவர்கள் இதை அவசியம் என்பார்கள். அவர்கள் நஷ்டம் பொய்யல்ல.

ஆனால் மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பழைய குளோர்பைரிபாஸ் தொட்ட கறையானைச் சீக்கிரமே கொன்றுவிடும். இப்போது பரவலாகிவிட்ட இமிடாக்ளோபிரிட் வேறு மாதிரி. அதன் மேல் நடந்தாலும் கறையானுக்குத் தெரியாது, உடனே சாகாது, கூட்டுக்குத் திரும்பும். குறைந்த அளவிலேயே நரம்பு தளர்ந்து, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். இது மருந்தின் குறையல்ல, அது வேலை செய்யும் விதமே அதுதான். நக்காத கறையான் மண் உருட்டுமா? உருட்டாவிட்டால் சூடோசைலேரியாவுக்கு வழி திறந்துவிடும். மருந்து எட்டாத பக்கத்து அறையின் அடைகூட, ஆள் இல்லாத வயலாகிவிடும்.

கதவை அரிப்பது எல்லாம் இந்த உழவர்தானா என்று பார்த்து மருந்திடுவதும் அரிது. சென்னையில் மரம் தின்னும் கறையான்களில் காளானே வளர்க்காத வகைகள் உண்டு. காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் ஒரு வகை, மண்ணைத் தொடாமல், கடுகு போன்ற எச்சத்தை நாற்காலியடியில் கொட்டும். அதற்குத் தரையில் ஊற்றிய 370 லிட்டரும் வீண். தோட்டத்து மரத்தில் மண்பூச்சு ஏறியிருந்தால் அது பெரும்பாலும் காய்ந்த வெளிப்பட்டையைத்தான் தின்கிறது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் உள்பட்டை ஈரமாக இருப்பது தெரியும்.

புற்றை உடைத்த மனைக்கு அடுத்த மழை முடிந்ததும் போய்ப் பார்த்தால் நடந்தது புரியும். கறையான் தப்பிப் பிழைத்திருந்தால் உடைந்த இடத்தில் ஈர மண் புதிதாகப் பூசியிருக்கும். இல்லையென்றால் பூச்சு இருக்காது. அடைகள் கிடந்த குழியில் தீக்குச்சி அளவுக்குக் கறுப்புக் குச்சிகள் நின்றிருக்கும்.